விளிம்பை நேராக்கியவர்களுக்கு

நம் குரோஷே வட்டத்தில் இந்த ஆண்டு புதியவர்களுக்குக் கற்றுக்கொடுத்த உறுப்பினர்கள் அனைவருக்கும்,

ஆண்டுக் கண்காட்சியின் தொடக்கத்தில் தலைவி என்ற முறையில் நான் பேச வேண்டும் என்றீர்கள். மேடையில் நின்று பொதுவாக நன்றி சொல்லிவிட்டு இறங்க எனக்கு மனமில்லை. உங்களிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் நன்றியும் உண்டு, ஒரு மனத்தாங்கலும் உண்டு, ஒரு வேண்டுகோளும் உண்டு. அதனால் இதை மடலாக எழுதி வாசிக்கிறேன். வாசித்து முடித்ததும் ஆளுக்கொரு படி தருகிறேன். வீட்டுக்கு எடுத்துச் சென்று நிதானமாகப் படியுங்கள்.

கண்காட்சிக்கு வருகிறவர்கள் பெரிய மேசை விரிப்பின் முன்னும் கூடை கூடையாகப் பூக்கள் பின்னிய போர்வையின் முன்னும் நிற்கிறார்கள். அவற்றைப் பின்னியவர்களுக்கு அந்தப் பாராட்டு உரியதுதான். ஆனால் அதே கூடத்தின் கோடி மேசையில் புதியவர்கள் பின்னிய கைப்பிடித் துணிகளும் சின்னச் சதுரங்களும் இருக்கின்றன. அவற்றை எடுத்து விளிம்பை மட்டும் பாருங்கள். பெரும்பாலானவற்றில் விளிம்பு நேராக இருக்கிறது. கடந்த சில மாதங்களில் நீங்கள் செய்த வேலை அந்த விளிம்பில்தான் இருக்கிறது. அதை உங்கள் வேலை என்று அங்கே எந்தச் சீட்டும் சொல்லவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கற்றுக்கொள்ள வந்தவர்களில் பலர் வீட்டில் அம்மாவோ பாட்டியோ வைத்துவிட்டுப் போன மெல்லிய வெள்ளை நூலையும் ஸ்டீல் ஊசியையும் கொண்டு வந்தார்கள். நீங்கள் அதை மறுக்கவில்லை. பத்திரமாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, உங்கள் பையிலிருந்து தடித்த, வெளிர் நிறப் பருத்தி நூலையும் 4 மில்லிமீட்டர் ஊசியையும் எடுத்துக் கொடுத்தீர்கள். அதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். மெல்லிய நூலில் கண்ணி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது பழகாத கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு நூலிலும் தெரியாது. கண்ணி தெரியாவிட்டால் எண்ண முடியாது. எண்ண முடியாவிட்டால், தான் எங்கே தவறினோம் என்பதைக் கற்பவரால் கண்டுபிடிக்கவே முடியாது.

ஒருவர் போட்ட முதல் சங்கிலி இறுகி, அதன்மேல் பின்னிய துணி அடிப்பக்கம் சுருங்கி வில்லாக வளைந்தது. கையைத் தளர்த்துங்கள் என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. சொல்வதால் கை தளர்வதில்லை என்று உங்களுக்குத் தெரிந்திருந்தது. சங்கிலியை மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியில் போடச் சொல்லி, முதல் வரிசையிலிருந்து 4 மில்லிமீட்டருக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். அடிப்பக்கம் நேராகிவிட்டது. இடது கைப் பழக்கமுள்ள பெண் ஒருவர் வந்தபோது உங்களில் ஒருவர் அவர் பக்கத்தில் உட்காராமல் எதிரே உட்கார்ந்தார். எதிரே இருப்பவரின் வலது கை அவருக்குக் கண்ணாடியில் தெரிவதுபோல் தன் இடது கைக்கு நேராகத் தெரிந்தது. அந்தப் பெண் பார்த்தபடியே பின்னத் தொடங்கினார். இவை எந்தப் புத்தகத்தையும் பார்த்துச் செய்தவை அல்ல. கற்பவரின் கையைப் பார்த்து, அந்த நேரத்தில் என்ன தேவை என்று யோசித்துச் செய்தவை. இதற்காக உங்கள் ஒவ்வொருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி மனத்தாங்கலைச் சொல்கிறேன். இதுவும் நீங்கள் நன்றாகக் கற்றுக்கொடுப்பதால் வந்ததுதான். குற்றம் சாட்டுவதாக நினைக்க வேண்டாம்.

நம்மிடம் கற்கிற ஒருவர் வாரம் ஒருமுறை ஒரே ஆளிடம் வருவதில்லை. அவருக்கு எந்த நாள் ஒழிகிறதோ அந்த நாளில் வருகிறார். அன்று யார் இருக்கிறாரோ அவரிடம் கற்கிறார். இந்த ஆண்டு ஒரு பெண் இரண்டு பேரிடம் மாறி மாறிக் கற்றார். இருவரும் நம் வட்டத்தில் மிக நேர்த்தியாகப் பின்னுகிறவர்கள். அந்தப் பெண் 20 கண்ணி அகலத்தில் டபுள் குரோஷேயில் ஒரு சதுரம் பின்ன ஆரம்பித்தார். 12 வரிசை முடிந்தபோது அது சதுரமாக இல்லை. கீழே ஏறக்குறைய 13 சென்டிமீட்டர் இருந்தது, மேலே 20 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் சமமாக விரிந்திருந்தது. மேல் வரிசையை எண்ணினால் 31 கண்ணி. தனக்குக் கை வராது என்று அவர் முடிவுகட்டிவிட்டு, அதற்குப் பிறகு சில வாரம் வரவே இல்லை.

அவர் கையில் குறை இல்லை. அந்தத் துண்டை வாங்கிப் பார்த்தேன். கண்ணிகள் ஒரே உயரம், ஒரே இறுக்கம். தவறு இரண்டு ஓரங்களில் மட்டும் இருந்தது. அது எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல விடுங்கள், ஏனென்றால் என் வேண்டுகோள் முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

டபுள் குரோஷேயில் ஒரு வரிசை முடிந்து துணியைத் திருப்பும்போது, அடுத்த வரிசையின் உயரத்துக்கு ஏறச் சில சங்கிலிகள் போடுகிறோம். அந்தச் சங்கிலியை என்ன செய்வது என்பதில் இரண்டு வழிகள் இருக்கின்றன. உங்களில் சிலர் 3 சங்கிலி போட்டு, அதையே வரிசையின் முதல் கண்ணியாக எண்ணுகிறீர்கள். அப்படி எண்ணுவதால் அதன் அடியில் இருக்கும் கண்ணியைத் தாண்டி, இரண்டாவது கண்ணியில் ஊசியை விடுகிறீர்கள். வரிசையின் கடைசியில், போன வரிசையின் 3 சங்கிலியின் உச்சியில் ஒரு கண்ணி போட்டு முடிக்கிறீர்கள். இது சரியான வழி. அச்சில் வருகிற பெரும்பாலான மாதிரிகளும் இப்படித்தான் சொல்கின்றன.

வேறு சிலர் 2 சங்கிலி போட்டு, அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது ஏறுவதற்கான படி மட்டுமே. ஆகவே முதல் கண்ணியிலேயே ஊசியை விடுகிறீர்கள். கடைசியில் போன வரிசையின் சங்கிலியைத் தொடாமல், கடைசிக் கண்ணியோடு நிறுத்திவிடுகிறீர்கள். இதுவும் சரியான வழி. ஓரத்தில் இடைவெளி விழாமல் இருப்பதற்காகவே பலர் இதை விரும்புகிறார்கள்.

அந்தப் பெண், வரிசையை எப்படித் தொடங்குவது என்பதை ஒருவரிடம் கற்றார். எப்படி முடிப்பது என்பதை இன்னொருவரிடம் கற்றார். தொடங்கும்போது முதல் கண்ணியிலேயே போட்டார், அது இரண்டாவது வழி. முடிக்கும்போது சங்கிலியின் உச்சியிலும் போட்டார், அது முதல் வழி. இரண்டு பேர் சொன்னதையும் ஒன்றுவிடாமல் செய்தார். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி கூடியது. முதல் வரிசையில் 20, இரண்டாவதில் 21, மூன்றாவதில் 22 என்று போய், பன்னிரண்டாவதில் 31. வரிசைக்கு வரிசை துணியைத் திருப்புவதால் கூடுகிற கண்ணி ஒருமுறை வலப்பக்கமும் மறுமுறை இடப்பக்கமும் விழுந்தது. துண்டு இரண்டு பக்கமும் சமமாக விரிந்தது அதனால்தான்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். தொடங்கும்போது முதல் வழிப்படி ஒரு கண்ணியைத் தாண்டிவிட்டு, முடிக்கும்போது இரண்டாவது வழிப்படி சங்கிலியைத் தொடாமல் விட்டால், வரிசைக்கு ஒரு கண்ணி குறையும். பன்னிரண்டாவது வரிசையில் 9 கண்ணிதான் மிஞ்சும். கோடி மேசையில் மேலே குறுகிய துண்டு ஏதாவது கண்ணில் பட்டால், அதைப் பின்னியவர் கவனமில்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவருக்கு இரண்டு ஆசிரியர்கள் இருந்தார்களா என்று கேளுங்கள்.

இது நம் கண்ணில் படாமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டு வழியிலும் 20 கண்ணிக்கு முதலில் போடுவது 22 சங்கிலிதான். ஒருவர் ஊசியிலிருந்து நான்காவது சங்கிலியில் தொடங்குகிறார். 19 கண்ணி விழுகிறது, தாண்டிய 3 சங்கிலியோடு 20. மற்றவர் மூன்றாவது சங்கிலியில் தொடங்குகிறார். 20 கண்ணி விழுகிறது. முதல் வரிசை இருவருக்கும் ஒரே அகலத்தில் வருகிறது. பக்கத்து நாற்காலியில் இருப்பவர் வேறு வழியில் சொல்லிக்கொடுக்கிறார் என்பதை நீங்கள் கவனிக்க அங்கே ஒன்றுமே இல்லை. இரண்டாவது வரிசையின் இரண்டு ஓரங்களில்தான் வித்தியாசம் வருகிறது. அப்போது நீங்கள் வேறொருவர் பக்கம் திரும்பியிருப்பீர்கள். அதன் பிறகு ஆறேழு வரிசை போன பின்தான் துண்டு விரிவது வெளியே தெரிகிறது.

பழகிய நமக்கு இரண்டு வழியும் தெரியும். போன வரிசையை எப்படித் தொடங்கினோமோ அதற்கு ஏற்றபடி இந்த வரிசையை முடிக்க வேண்டும் என்பது கைக்கே தெரிந்துவிட்டது. யோசிப்பதுகூட இல்லை. புதியவருக்கு அது தெரியாது. அவரிடம் இருப்பது நாம் சொன்ன சொல் மட்டும். ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் அவர் அதையெல்லாம் சேர்த்துத்தான் செய்வார். பணிவாகக் கற்பவருக்குத்தான் இதில் அதிகம் அடி விழுகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விரிந்த துண்டுகளையும் குறுகிய துண்டுகளையும் கண்காட்சிக்கு முந்தைய நாட்களில் உங்களில் சிலர் வீட்டுக்கு எடுத்துப் போனீர்கள். சிலவற்றைப் பிரித்து நீங்களே மறுபடி பின்னினீர்கள். சிலவற்றை நனைத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி, இழுத்துக் காயவைத்தீர்கள். சிலவற்றைச் சுற்றி அழகான பார்டர் போட்டு ஓரத்தை மறைத்தீர்கள். அந்தப் புதியவர் கூட்டத்தின் நடுவே வெட்கப்படக் கூடாது என்கிற அன்புதான் அது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் துண்டைப் பின்னியவர் இன்று மேசையருகே நின்று பார்க்கும்போது, அது தன்னுடையது இல்லை என்று அவருக்குத் தெரியும். நனைத்து இழுப்பது சின்ன வளைவைச் சரிசெய்யும். கூடிப்போன 11 கண்ணியை எடுக்காது. பார்டர் தவறைக் கண்ணிலிருந்து மறைக்கும். அடுத்த துண்டிலும் அவர் அதே இடத்தில் அதே தவறைச் செய்வார்.

நம் கலையில் பிரிப்பது எவ்வளவு எளிது என்று நினைத்துப் பாருங்கள். இரண்டு ஊசியில் ஸ்வெட்டர் பின்னுபவருக்கு ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியில் திறந்து நிற்கும். கழன்றால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடிக்க வேண்டும். குரோஷேயில் திறந்திருப்பது ஒரே ஒரு லூப். ஊசியை எடுத்துவிட்டு நூலை இழுத்தால் எந்த வரிசை வரை வேண்டுமோ அதுவரை அழகாகப் பிரிந்து வரும். அங்கே நிறுத்தி, அந்த ஒரு லூப்பில் ஊசியை விட்டால் மீண்டும் தொடங்கலாம். புதியவர் அஞ்ச வேண்டிய வேலையே இல்லை அது. பிரிக்கும்போதுதான், ஓரத்தில் தான் எங்கே ஊசியை விட்டோம் என்பதை அவர் தன் கண்ணால் பார்க்கிறார். அந்த ஒரு பார்வையை நாம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டால், நாம் எவ்வளவு நேரம் கற்றுக்கொடுத்தும் பயன் பாதிதான்.

ஒரே முறையில் ஒத்துப் போவது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நமக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 2016-இல் சென்னையில் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வை ஒன்றைப் பின்னி, உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் சாதனை படைத்தார்கள். வெவ்வேறு ஊர்களில் தங்கள் வீடுகளில் உட்கார்ந்து பெண்கள் தனித்தனியாகப் பின்னிய துண்டுகளை ஓரிடத்தில் சேர்த்து இணைத்தது அது. ஓரத்தோடு ஓரம் வைத்து இணைக்க வேண்டுமானால் துண்டுகளின் அளவு ஒத்துப்போக வேண்டும். நாம் அத்தனை பெரிய வேலை எதையும் செய்யப் போவதில்லை. ஆனால் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கும் நாம், புதியவரின் முதல் சதுரத்தை எப்படித் தொடங்குவது என்பதிலாவது ஒத்துப்போகலாம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. வரும் ஆண்டில் புதிதாக வருகிறவர்களின் முதல் இரண்டு துண்டுகளுக்கு நம் வட்டம் முழுவதும் ஒரே வழியில் கற்றுக்கொடுப்போம். எந்த வழி என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், ஏனென்றால் கற்றுக்கொடுக்கிறவர்கள் நீங்கள். என் கருத்தைக் கேட்டால், 2 சங்கிலி போட்டு அதைக் கணக்கில் சேர்க்காத வழியை முதலில் வைக்கலாம் என்பேன். அதில் புதியவர் கண்ணிகளை மட்டும் எண்ணினால் போதும். மேலே ஆங்கில ‘V’ எழுத்தின் வடிவில் தெரிகிற ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. சங்கிலியின் உச்சி எங்கே என்று தேட வேண்டியதில்லை. திருப்பிய பிறகு அந்த உச்சி மடிந்து ஒரு முடிச்சு மாதிரி ஒதுங்கி நிற்பதால், முதல் நாளிலேயே அதை அடையாளம் காணப் பலரால் முடிவதில்லை.

இதில் ஒரு குறையும் இருக்கிறது. கடையில் வாங்கும் மாதிரிப் புத்தகத்தை எடுத்தால் பெரும்பாலும் 3 சங்கிலி வழிதான் இருக்கும். அதனால் மூன்றாவது துண்டில் அந்த வழியையும் தனிப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். அப்போது ஒவ்வொரு வரிசையிலும் மூன்றாவது சங்கிலியைப் போட்டவுடன் அதில் ஒரு சின்ன ஊக்கைக் குத்தி வைக்கச் சொல்லுங்கள். அடுத்த வரிசையின் முடிவில் ஊக்கு இருக்கும் இடத்தில்தான் கடைசிக் கண்ணி விழ வேண்டும். ஊக்கு வெளியே எஞ்சி நின்றால் ஒரு கண்ணி விட்டுப்போயிற்று என்று கற்பவருக்கே தெரிந்துவிடும். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டாலும் தெரியும்.

உங்களில் சிலர் 3 சங்கிலி வழியையே முதலில் வைக்க வேண்டும் என்று நினைக்கலாம். புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, பின்னால் மாற்ற வேண்டியதில்லை என்பது நல்ல காரணம். அப்படியானால் முதல் நாளிலிருந்தே ஊக்கைக் கொடுத்துவிடுவோம். எது என்றாலும் எனக்குச் சம்மதமே. நான் கேட்பது, சனிக்கிழமை ஒருவரும் புதன்கிழமை ஒருவரும் வேறு வேறாகச் சொல்லாமல் இருப்பதை மட்டும்தான்.

இதோடு சேர்ந்த இரண்டு சின்ன வேண்டுகோள்கள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கற்பவர் வாய்விட்டு எண்ணட்டும்; 20 வராவிட்டால் அந்த ஒரு வரிசையை அவரே பிரிக்கட்டும். ஒரு வரிசையைப் பிரிப்பது சில நொடி வேலை; 12 வரிசையைப் பிரிப்பதில்தான் மனம் உடைகிறது. அடுத்து, அவர் கையில் இருக்கும் ஊசியை வாங்காதீர்கள். காட்ட வேண்டியதை உங்களுடைய இன்னொரு துண்டில், உங்களுடைய ஊசியில் காட்டுங்கள். அவருடைய துண்டில் அவர் கண்ணி மட்டும் இருக்கட்டும்.

அடுத்த ஆண்டுக் கண்காட்சியில் கோடி மேசையை நுழைவாசலுக்கு அருகே கொண்டு வர ஏற்பாடு செய்கிறேன். ஒவ்வொரு புதியவரின் முதல் துண்டும் எந்த ஒட்டுவேலையும் இல்லாமல், பார்டர் இல்லாமல் அங்கே இருக்கும். அதில் கட்டும் சீட்டில் பின்னியவரின் பெயருக்குக் கீழே, கற்றுக்கொடுத்தவரின் பெயரும் எழுதப்படும். இத்தனை நாள் அந்த இரண்டாவது பெயரை எழுதாமல் விட்டது சரியல்ல. ஒரு துண்டில் இரண்டு பேர் கற்றுக்கொடுத்திருந்தால் இரண்டு பேரின் பெயரும் வரும். அப்போது உங்கள் இருவரின் வழியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது இன்னும் நன்றாகப் புரியும்.

வந்துவிட்டு நின்றுபோன அந்தப் பெண்ணை நான் நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு வழிகளையும் அவர் எதிரே தனித்தனியாகப் பின்னிக் காட்டினேன். தன் துண்டு ஏன் விரிந்தது என்று அவரே கண்டுபிடித்துச் சொன்னார். அவர் மறுபடி வருகிறார். தனக்குக் கற்றுக்கொடுத்த உங்கள் இருவர் மீதும் அவர் எந்தக் குறையும் சொல்லவில்லை. இருவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார். அதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஆளுக்கு ஒரு துண்டு பின்னிக்கொண்டு வாருங்கள். வெளிர் நிற நூல், 4 மில்லிமீட்டர் ஊசி, 22 சங்கிலி, 12 வரிசை டபுள் குரோஷே, பார்டர் வேண்டாம். நீங்கள் புதியவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்களோ அப்படியே பின்னுங்கள். எல்லாத் துண்டுகளையும் மேசையில் அடுக்கி, ஓரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எது புதியவரின் கண்ணுக்கு எளிது என்று பேசுவோம். பேசி ஒரு வழியைத் தேர்ந்தெடுத்து, ஒரே பக்கத்தில் எழுதி, நீங்கள் எல்லோரும் கையெழுத்திடுங்கள். அடுத்த ஆண்டு முழுவதும் யாரிடம் வந்தாலும் அந்த ஒரு பக்கமே முதல் பாடமாக இருக்கட்டும்.

நன்றியுடனும் உரிமையுடனும்,
உங்கள் வட்டத் தலைவி